உலானா கோமியூக் என்று ஒருவர் இல்லை

2019-ல் எச்பிஓவும் ஸ்கையும் சேர்ந்து வெளியிட்ட ‘செர்னோபில்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு உலானா கோமியூக்கை மறந்திருக்காது. மின்ஸ்க் நகரத்து அணு இயற்பியலாளர். ஜன்னலைத் திறந்ததும் அலறுகிற கதிர்வீச்சுக் கருவியைப் பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே செர்னோபிலுக்குக் கிளம்பிப் போகிறவர். மாஸ்கோ மருத்துவமனையில் சாகக் கிடக்கும் ஊழியர்களிடம் வாக்குமூலம் வாங்குகிறார், ஆவணக் காப்பகத்தில் தேடுகிறார், கடைசியில் நீதிமன்றத்தில் சாட்சியும் சொல்கிறார். நடித்தவர் எமிலி வாட்சன்.

அப்படியொருவர் இருந்ததே இல்லை. தொடரின் கடைசி எபிசோடு முடிந்ததும் வரும் எழுத்துக்கள் அதைச் சொல்லிவிடுகின்றன. விஞ்ஞானி வலேரி லெகாசோவுடன் பல பத்து விஞ்ஞானிகள் வேலை செய்தார்கள், சிலர் அரசின் விளக்கத்தை எதிர்த்துப் பேசித் தண்டனையும் அனுபவித்தார்கள், அவர்கள் எல்லோருக்குமாக உருவாக்கிய பாத்திரம் இது என்று. ஐந்து எபிசோடு முழுக்க நம்பிப் பார்த்தவருக்கு அந்த இடத்தில் லேசாகக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தத் தொடரில் உண்மையிலிருந்து விலகிய இடங்களை வரிசைப்படுத்தினால், கோமியூக்கைவிடப் பெரிய விலகல்கள் உண்டு. அவை எதையும் அந்த எழுத்துக்கள் சொல்லவில்லை.

இப்படிப் பலரை ஒருவராக்கிய பாத்திரத்தைக் கூட்டுப் பாத்திரம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தாளர் சோம்பேறித்தனத்தால் செய்யும் வேலை என்று இதை நினைத்துவிடக் கூடாது. கோமியூக் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்தால் காரணம் தெரியும்.

லெகாசோவ் நிஜ மனிதர். மாஸ்கோ குர்ச்சாத்தோவ் நிறுவனத்தின் முதல் துணை இயக்குநர். படித்தது வேதியியல். அணு உலை வெடித்ததும் அங்கே போன அரசுக் குழுவில் இருந்தார். அவரைச் சுற்றி இயற்பியலாளர்கள், உலை வடிவமைப்பாளர்கள், கதிர்வீச்சு அளப்பவர்கள், மருத்துவர்கள் என்று பெரிய கூட்டமே இருந்தது. யெவ்கேனி வெலிகோவ் என்ற புகழ்பெற்ற இயற்பியலாளரும் அதில் ஒருவர்; தொடரில் அவர் கிடையாது. உலைக்கு அடியில் தேங்கிய தண்ணீரைப் பற்றி ஒருவர் கவலைப்பட்டிருப்பார், உருகிய எரிபொருள் தரையைத் துளைக்குமா என்று இன்னொருவர் கணக்குப் போட்டிருப்பார். இந்த உலை வகையில் குறை இருக்கிறது என்று விபத்துக்கு முன்பே எழுதியவர்கள் வேறு சிலர். மின்ஸ்கில் கதிர்வீச்சைக் கண்டறிந்து, பெலாரஸ் கட்சித் தலைமையிடம் மன்றாடியவர் வசிலி நெஸ்டெரென்கோ என்ற விஞ்ஞானி. தொடரின் மின்ஸ்க் காட்சிகளுக்கு அவருடைய அனுபவம் மிக நெருக்கம்.

எல்லோரையும் அவரவர் பெயரிலேயே கொண்டுவந்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டே நிமிடம் கிடைக்கும். ரஷ்யப் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து வரும் இருபது கோட்டுப் போட்ட ஆட்களைப் பார்வையாளர் எப்படிப் பிரித்தறிவார்? அறிமுகமான வேகத்தில் மறந்துபோவார்கள். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. லெகாசோவின் சந்தேகங்கள் திரையில் தெரிய வேண்டுமென்றால், அவர் அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விபத்தைக் கையாள அரசு அனுப்பிய துணைப் பிரதமர் ஷெர்பினாவுக்கு அறிவியல் தெரியாது. சமமாக வாதாட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலான எபிசோடுகளில் இருக்கவும் வேண்டும். அந்த இடத்தில் கோமியூக் வந்து நிற்கிறார். அவரைப் பெண்ணாக எழுதியதற்கும் தொடரை எழுதிய கிரெய்க் மேஸின் காரணம் சொல்லியிருக்கிறார்: சோவியத் மருத்துவத்திலும் அறிவியலிலும் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

சட்டக் காரணமும் இதில் ஒளிந்திருக்கிறது. ஒரு மனிதர் செய்யாததை அவர் பெயரிலேயே காட்டினால் அவரோ குடும்பமோ வழக்குப் போடலாம். கற்பனைப் பெயருக்கு வழக்குப் போட ஆள் இல்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு வேலை, ஊர், தோற்றம் எல்லாவற்றையும் அப்படியே விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஊரில் எல்லோருக்கும் ‘இது அவர்தானே’ என்று தெரிந்துவிட்டால், பாத்திரம் செய்கிற தப்பெல்லாம் அந்த ஒரு மனிதர் தலையில் விழும். அதனால் கூட்டுப் பாத்திரத்தின் பெயரையும் சரிபார்ப்பார்கள். அதே ஊரில், அதே தொழிலில், அதே பெயரில் நிஜமாகவே யாராவது இருக்கிறார்களா என்று தேடி, இருந்தால் மாற்றிவிடுவார்கள்.

இனி சரிபார்ப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இப்படிப்பட்ட தொடர்களுக்குத் தயாரிப்பு நிறுவனம் ஒரு காப்பீடு எடுக்க வேண்டியிருக்கும். அவதூறு வழக்கு, அந்தரங்க உரிமை வழக்கு போன்றவற்றுக்கான காப்பீடு. அதற்கு முன் வழக்கறிஞர்கள் திரைக்கதையைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். அவர்கள் கேட்பது குறிப்புரை சேர்த்த திரைக்கதை. எழுத்தாளரோ ஆய்வு உதவியாளரோ உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் காட்சிக்கும் வசனத்துக்கும் ஓரத்தில் எண் போட்டுக் கீழே குறிப்பு எழுதுவார். இவர் நிஜ மனிதரா, கூட்டுப் பாத்திரமா, முழுக் கற்பனையா? நிஜ மனிதர் என்றால் உயிரோடு இருக்கிறாரா? இந்தச் சம்பவம் நடந்ததா, நடந்ததிலிருந்து ஊகித்ததா, இட்டுக்கட்டியதா? இந்த வசனம் பதிவிலிருந்து அப்படியே எடுத்ததா, சாரத்தைச் சொல்வதா, எழுத்தாளர் உண்டாக்கியதா? ஆதாரம் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்த நீதிமன்றப் பதிவு?

இட்டுக்கட்டியது என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இட்டுக்கட்டியதற்கு எதிரே ஆதாரம் என்று ஏதோ ஒன்றை எழுதி வைத்தால்தான் பிரச்சினை. வழக்கறிஞர் தேடுவது ஒரு குறிப்பிட்ட கலவையை: நிஜப் பெயர், உயிரோடு இருக்கும் ஆள், அவரைக் கெட்டவராகக் காட்டும் செயல், ஆதாரக் கட்டத்தில் வெற்றிடம். இந்த நான்கும் ஒரே வரியில் வந்தால் அந்தக் காட்சியை மாற்றச் சொல்வார், அல்லது அந்த ஆளின் பெயரை எடுத்துவிட்டுக் கூட்டுப் பாத்திரம் ஆக்கச் சொல்வார்.

‘செர்னோபில்’ குழுவுக்குள் எப்படி நடந்தது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதன் ஐந்தாம் எபிசோடில் வரும் நீதிமன்றக் காட்சியை எடுத்து, நாமே இந்தக் குறிப்புகளை எழுதிப் பார்க்கலாம்.

முதலில் இடமும் காலமும். 1987 ஜூலையில் செர்னோபில் ஊரிலேயே விசாரணை நடந்தது. உண்மை. குற்றவாளிக் கூண்டில் தொடர் காட்டுவது மூவரை: ஆலை இயக்குநர் பிரியுகானோவ், தலைமைப் பொறியாளர் ஃபோமின், துணைத் தலைமைப் பொறியாளர் தியாத்லோவ். இவர்கள் மூவருக்கும் பத்து ஆண்டுத் தண்டனை கிடைத்ததும் உண்மை. ஆனால் விசாரணையை எதிர்கொண்டவர்கள் ஆறு பேர். மற்ற மூவரைத் தொடர் விட்டுவிட்டது. விடுவது கதை சொல்பவரின் உரிமை. யாருக்கும் பழி சேராததால் வழக்கறிஞரும் விட்டுவிடுவார்.

அடுத்தது சாட்சிகள். தொடரில் ஷெர்பினா, கோமியூக், லெகாசோவ் மூவரும் மாறி மாறிச் சாட்சி சொல்கிறார்கள். கோமியூக் கற்பனை என்று தெரியும். மற்ற இருவரும் அந்த விசாரணைக்கு வரவே இல்லை. சிவப்பு, நீல அட்டைகளை மாட்டி மாட்டி லெகாசோவ் உலையை விளக்கும் அந்த அருமையான காட்சி நடக்கவே இல்லை. விளக்கியவர்கள் நிபுணர் குழுவினர். லெகாசோவ் நிஜமாகவே நீண்ட உரை நிகழ்த்திய இடம் வேறு: 1986 ஆகஸ்டில் வியன்னாவில், சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டம். நீதிமன்றத்தில் அரசின் ரகசியத்தைப் போட்டு உடைப்பதும், பிறகு கேஜிபி அதிகாரி சார்கோவ் அவரைத் தனியறைக்குக் கூட்டிப்போய் மிரட்டுவதும் கற்பனை. சார்கோவ் என்ற ஆளும் கற்பனைதான்.

இங்கேதான் கூட்டுப் பாத்திரத்தின் ஆபத்து எனக்குப் படுகிறது. கோமியூக் பலருடைய அறிவைச் சுமக்கும் வரை சரி. அவர் லெகாசோவிடம் போய் ‘நீங்கள் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும்’ என்று வற்புறுத்தும்போது, அதற்குப் பதிலாக லெகாசோவ் எதையாவது செய்தாக வேண்டியிருக்கிறது. அப்படி நடக்காத ஒரு சாட்சியம் பிறக்கிறது. கற்பனை மனிதரின் ஒரு செயல், நிஜ மனிதரின் வாழ்க்கையில் ஒரு கற்பனைச் செயலை உண்டாக்கிவிட்டது. குறிப்புரையில் கோமியூக்குக்கு எதிரே ‘கூட்டுப் பாத்திரம்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. லெகாசோவுக்கு எதிரே எழுத வேண்டியது: நிஜப் பெயர், செய்யாத செயல். 1988-ல் இறந்துபோனவர், அதுவும் அவரைப் பெருமைப்படுத்தும் செயல் என்பதால் சட்டப்படி சிக்கல் வராது. வரலாற்றுப்படி சிக்கல்தான்.

நியூயார்க்கர் இதழில் மாஷா கெஸ்ஸன் இந்தப் பாத்திரத்தைக் கடுமையாக விமர்சித்தார். அதிகாரத்துக்கு முன்னால் இப்படி நெஞ்சு நிமிர்த்தி நிற்கும் விஞ்ஞானி சோவியத் நடைமுறையில் நம்ப முடியாதவர் என்பது அவர் வாதம். எனக்கு அதில் பாதி உடன்பாடு. பல பேருடைய துணிச்சலை ஒருவரிடம் கொண்டுவந்து கொட்டினால், பயந்து பின்வாங்கிய நாட்கள், பாதி மட்டும் பேசி நிறுத்திய கூட்டங்கள், குடும்பத்துக்காக வாயை மூடிக்கொண்ட மாலைகள் எல்லாம் கழிந்துபோகின்றன. மிஞ்சுவது துணிச்சல் மட்டும்.

காட்சியின் உள்ளே இருக்கும் அறிவியல் எப்படி? பெரும்பாலும் நன்றாகவே தேறுகிறது. உலையின் கட்டுப்பாட்டுத் தண்டுகளின் நுனியில் கிராஃபைட் இருந்தது; அவசர நிறுத்தப் பொத்தானான ஏஇசட்-5-ஐ அழுத்தியதும் தண்டுகள் உள்ளே இறங்கத் தொடங்க, முதல் சில வினாடிகளில் சக்தி குறைவதற்குப் பதில் கூடியது. இது உண்மை. 1983-ல் லித்துவேனியாவின் இக்னாலினா உலையில் இதே விளைவு தென்பட்டு, மற்ற ஆலைகளுக்கும் தகவல் போயிருந்தது. அதிகாரிகள் முன்பே அறிந்திருந்தார்கள் என்று தொடர் சொல்வது நியாயமானதுதான்.

ஆனால் பொத்தானை ஏன் அழுத்தினார்கள் என்பதில் தொடர் வழுக்குகிறது. தொடரில் சக்தி திடீரென எகிறுகிறது, அன்றிரவுப் பணிக்குழுவின் மேற்பார்வையாளர் அகிமோவ் பதறிப்போய் அழுத்துகிறார். இந்த இடத்தில் எந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு 1986-ல் வெளியிட்ட முதல் அறிக்கை, சோவியத் தரப்பு வியன்னாவில் சொன்னதை நம்பி, ஊழியர்கள் மேல் பெரும் பழியைப் போட்டது. 1992-ல் அதே குழு ஏழாம் அறிக்கையில் அதைத் திருத்தி, உலையின் வடிவமைப்புக் குறையை முன்னால் கொண்டுவந்தது. பொத்தானை அழுத்திய அந்தக் கணத்தில் அபாயம் இருந்ததாகப் பதிவுகள் காட்டவில்லை, ஏன் அழுத்தினார்கள் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்பது அதன் நிலை. 700 மெகாவாட்டுக்குக் கீழே உலையை ஓட்டக் கூடாது என்ற விதியே அன்று இல்லை என்றும் அது சொல்கிறது. தொடரின் கத்திக் கூச்சல் போடும் தியாத்லோவ் பழைய அறிக்கையின் தியாத்லோவுக்குத்தான் நெருக்கம். உலையின் குறையைப் புதிய அறிக்கையிலிருந்தும் வில்லனைப் பழையதிலிருந்தும் எடுத்துக்கொண்டதுபோல இருக்கிறது. சரிபார்ப்பவர் ஆதாரம் உண்டா என்று கேட்பதோடு, இதற்குப் பிறகு யாராவது திருத்தினார்களா என்றும் கேட்க வேண்டியது இதனால்தான்.

ஆதாரம் இருந்தும் தப்பாகும் இன்னொரு வகைக்கு இரண்டாம் எபிசோடில் நல்ல உதாரணம் இருக்கிறது. உருகிய எரிபொருள் அடியில் உள்ள தண்ணீரைத் தொட்டால் 2 முதல் 4 மெகாடன் வெடிப்பு நிகழும் என்று கோமியூக் சொல்கிறார். அன்றைய விஞ்ஞானிகள் சிலர் மெகாடன் கணக்கில் பேசியது பதிவாகியிருக்கிறது. ஆக, குறிப்புரையில் எழுத ஓர் ஆதாரம் உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் அந்த ஆதாரம் நிற்காது. உலையில் இருந்த எரிபொருள் சுமார் 190 டன். அது முழுதும் உருகி, தன் வெப்பம் அத்தனையையும் ஒரே கணத்தில் தண்ணீருக்குக் கொடுத்தாலும் வெளிவருவது நூறு டன் டிஎன்டி வெடிமருந்தின் சக்தியைக்கூட எட்டாது. அதோடு உருகிய மற்ற பொருட்களையும் தாராளமாகச் சேர்த்தாலும் சில நூறு டன். 2 மெகாடன் என்பது 20 லட்சம் டன். ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். நீராவி வெடிப்பு நிகழ்ந்து மேலும் கதிரியக்கம் பரவும் என்ற பயம் நியாயமானது; பாதி ஐரோப்பா அழியும் என்பது இல்லை. ‘ஒருவர் சொன்னார்’ என்பதை மட்டும் சரிபார்த்து, சொன்னது சரியா என்று அந்தத் துறை ஆளிடம் கேட்காவிட்டால் இப்படித்தான் ஆகும். தப்பான அந்த எண்ணைச் சொல்வதற்கு ஒரு கற்பனைப் பாத்திரம் வசதியாகவும் இருக்கிறது பாருங்கள்; நிஜ விஞ்ஞானி யாரும் வந்து ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று மறுக்கப்போவதில்லை.

ஹெலிகாப்டர் விழும் காட்சி மூன்றாவது வகை. சம்பவம் நடந்தது, நேரம் மாறிவிட்டது. தொடரில் விபத்து நடந்த சில நாட்களுக்குள் உலைக்கு மேலே பறந்து விழுகிறது. பார்ப்பவருக்குக் கதிர்வீச்சுதான் காரணம் என்று தோன்றும். உண்மையில் அது விழுந்தது 1986 அக்டோபர் 2-ஆம் தேதி. இறக்கைகள் கிரேன் கம்பியில் மாட்டிக்கொண்டன. அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள், படமும் இருக்கிறது. தேதியை நகர்த்தியது சின்ன விஷயம். நகர்த்தியதால் காரணமே மாறித் தெரிவது சின்ன விஷயம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே தொடர் பொருட்களில் அசாத்தியத் துல்லியம் காட்டியது. லித்துவேனியாவில், செர்னோபில் வகை உலை உள்ள இக்னாலினாவிலேயே படம் பிடித்தார்கள். ஆலை ஊழியர்கள் வாழ்ந்த பிரிப்யாத் நகரத்துக்காக வில்னியஸின் சோவியத் காலத்துக் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். உடை, தொலைபேசி, சுவர்த்தாள் எல்லாம் அந்தக் காலத்தவை. அங்கே வளர்ந்தவர்களே வியந்தார்கள். ஆனால் சுவர்த்தாளைச் சரிபார்ப்பவர் கலை இயக்கத் துறை ஆள். நீதிமன்றத்தில் யார் பேசினார்கள் என்பதை முடிவு செய்பவர் எழுத்தாளர். முதலாமவரின் துல்லியத்தைப் பார்த்து இரண்டாமவரை நம்பிவிடுகிறோம்.

மேஸினுக்கு ஒரு பாராட்டைத் தந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு பாட்காஸ்ட் வெளியிட்டு, எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று அவரே பேசினார். லெகாசோவ் விசாரணைக்குப் போகவில்லை என்பதையும் அதில் சொல்லிவிட்டார். குறை என்னவென்றால், தொடரைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் பாட்காஸ்ட் கேட்டிருப்பார்கள்?

நிஜப் பெயரை வைத்துக்கொண்டே ஒருவரைக் கூட்டுப் பாத்திரமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு தொடர் சாட்சி. நியூயார்க் சென்ட்ரல் பார்க் வழக்கில் தவறாகத் தண்டிக்கப்பட்ட ஐந்து சிறுவர்களைப் பற்றிய ‘வென் தே சீ அஸ்’, 2019-ல் நெட்பிளிக்ஸில் வந்தது. அந்த வழக்கில் அரசுத் தரப்பில் இருந்த லிண்டா ஃபேர்ஸ்டீன், தான் செய்யாததையும் சொல்லாததையும் தன் பெயரில் காட்டியதாக அவதூறு வழக்குப் போட்டார். சிறுவர்களுக்கு அநீதி நடந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஓர் அமைப்பு முழுவதும் செய்த தவறுகளை நிஜப் பெயர் கொண்ட ஒருவர் மேல் குவிக்கலாமா என்பது தனிக் கேள்வி. ஆதாரப் புத்தகங்களில் அவருக்குச் சொல்லப்படாத செயல்களும் பொறுப்புகளும் தொடரில் அவர் பேரில் வந்திருப்பதற்குச் சான்று உண்டு என்று கருதி, வழக்கின் ஒரு பகுதி விசாரணைக்குப் போகலாம் என்று நீதிபதி 2023-ல் அனுமதித்தார். 2024 ஜூனில், விசாரணை தொடங்கும் நேரத்தில் சமரசம் ஆனது. ஃபேர்ஸ்டீனுக்குப் பணம் இல்லை. தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காக வாதாடும் இன்னசன்ஸ் பிராஜெக்ட் அமைப்புக்கு நெட்பிளிக்ஸ் 10 லட்சம் டாலர் கொடுத்தது. சில பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனை கலந்தவை என்ற அறிவிப்பு, கடைசியிலிருந்து தொடரின் தொடக்கத்துக்கு வந்தது.

பார்க்கும் நமக்குக் கூட்டுப் பாத்திரத்தை அடையாளம் காண்பது அவ்வளவு கடினம் இல்லை. மூன்று ஊர்களில் நடக்கும் முக்கியமான எல்லாக் காட்சிகளிலும் ஒரே ஆள் இருக்கிறாரா? மற்றவர்களுக்கு மனைவி, பிள்ளை, பழைய பகை எல்லாம் இருக்க, அவருக்கு மட்டும் வீடே கிடையாதா? நாம் மனசுக்குள் கேட்கும் கேள்வியை அவர் சரியாக அந்த நேரத்தில் கேட்கிறாரா? பெரும்பாலும் அவர்தான். அவரைக் கண்டுபிடித்த பிறகு அவரை விட்டுவிட்டு, அவருக்கு எதிரே நிற்கும் நிஜப் பெயர்காரர் அவர் பேச்சைக் கேட்டு என்ன செய்தார் என்று தேட வேண்டும். செர்னோபிலைப் பொறுத்தவரை அந்தத் தேடலைத் தொடங்க 1992-ன் ஏழாம் அறிக்கை போதும். INSAG-7 என்று தேடினால் அணுசக்தி முகமையின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.